ஒன்பதாம் வகுப்பு கணக்கு ப்ராஜெக்ட் தலைப்புகள்

பிள்ளைங்களா, போன வருஷம் பாதிப்பேரு பைதாகரஸ் தேற்றத்த பிரிண்ட் எடுத்து சார்ட்ல ஒட்டி கொண்டாந்தாங்க, எல்லார்கிட்டயும் அதே படம். இந்த தடவ அது வேணாம். நாலு நாலு பேரா சேந்துக்கோங்க, உங்க வீட்டுலயோ தெருவுலயோ நீங்களே அளந்தது, நீங்களே எண்ணுனது உள்ள இருந்தாதான் மார்க் போடுவேன்.

மொதல்ல டைல்ஸ். வீட்டுல சதுரம், சில பிளாட்பாரத்துல ஆறு பக்கக் கல்லு பாத்திருப்பீங்க, ஒழுங்கு ஐங்கோணம் மட்டும் ஏன் கண்ணுல படல? அதோட ஒரு கோணம் 108 டிகிரி, மூணு சேத்தா 324 தான் வருது, 36 டிகிரி சந்து விழுது, நாலாவது உள்ள போகாது. அட்டையில வெட்டி வெச்சுப் பாருங்க, சொன்னா புரியாது. இன்னொன்னு, எனக்கு ரொம்பப் புடிச்சது இதான்: நீளத்துல 6 டைல்ஸ் அகலத்துல 4 டைல்ஸ் எண்ணி, அந்த இடத்துல மூலைக்கு மூலை நூல் கட்டுங்க, நூல் 8 டைல்ஸ் மேல போகும். 5க்கு 3 எடுத்தா 7. அப்போ 6+4ல 2 கழியுது, 5+3ல 1தான் கழியுது, கழியுற நம்பர் எங்கேருந்து வருது? பத்து அளவு வரைஞ்சு பாத்துட்டு நீங்களே எழுதுங்க, ஆறாம் வகுப்புல படிச்சதுதான்.

காலண்டர் எடுக்குறவங்க மாசக் காலண்டர்ல 2க்கு 2 கட்டம் போடுங்க, 8, 9, அதுக்குக் கீழ 15, 16. குறுக்கால பெருக்குனா 9×15=135, 8×16=128, வித்தியாசம் 7. எந்த மாசம் போட்டாலும் 7தான், ஏன்னு n வெச்சு நிரூபிக்கணும், உதாரணம் மட்டும் எழுதுனா ஒத்துக்க மாட்டேன். ஆகஸ்ட் 15 2026ல சனி, 2027ல ஞாயிறு, 2028ல செவ்வாய், திங்கள் எங்க போச்சுன்னும் சேத்து எழுதுங்க.

பஸ் டிக்கெட் தலைப்புக்கு ஒரு ரூட்டு போதும். டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் காசு இல்ல, பசங்ககிட்ட பாஸ் இருக்கு, அதனால அப்பாவோ தாத்தாவோ வாங்குன டிக்கெட்ட சேத்து வைங்க. ஸ்டேஜ் ஸ்டேஜா ஏறுறதால கிராஃப் நேர்கோடா வராது, படிக்கட்டு மாதிரி வரும், அத அழகுக்காக சாய்ச்சு போட்டுறாதீங்க! 12 ஸ்டேஜ் இருந்தா எங்க ஏறி எங்க எறங்கலாம்னு 66 ஜோடி வரும், கண்டக்டர் கட்டணப் பட்டியல முக்கோணமா எழுதிப் பாத்தா அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சிரும்.

கோலம் வேணும்னு கேட்டவங்க 1-3-5-7-5-3-1 புள்ளி வைங்க, மொத்தம் 25, அது 16+9, ரெண்டும் வர்க்க எண். அடுத்தடுத்த கோலத்துக்கும் அப்படி வருதான்னு பாருங்க.

தலைப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள லீடர்கிட்ட சொல்லிருங்க, ஒரே தலைப்ப ரெண்டு குரூப் எடுக்கலாம், ஆனா ரூட்டும் வீடும் வேற வேறயா இருக்கணும். சார்ட் வாங்க காசு செலவு பண்ணாதீங்க, பழைய நோட்டு பேப்பர் போதும்.