சங்கு வீட்டுக்குள் வந்தது: திருகோணமலைக் கணக்கு என்ன?

திருகோணமலை, 2024 ஒக்டோபர்

மத்திய வீதியில் ஒரு கடைச் சுவரில், செப்டெம்பரில் ஒட்டிய சங்குச் சுவரொட்டி பாதி கிழிந்தபடி இன்னும் தொங்குகிறது. நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலுக்கு அதே ஆட்கள் வீட்டுச் சின்னத்துக்கு வாக்குக் கேட்டு வருகிறார்கள்.

நடந்தது இதுதான். 2023 ஜனவரியில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை விட்டுத் தமிழரசுக் கட்சி தனிவழி போனது. கடந்த ஜனாதிபதித் தேர்தலில் தமிழரசு சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. கூட்டமைப்பின் மற்றக் கட்சிகள் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்தைத் தூக்கின. இப்போது அதே சங்குச் சின்னத்தில் போட்டியிடும் அவர்களின் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, திருகோணமலையில் மட்டும் தமிழரசின் வீட்டுச் சின்னத்தில் ஒரே பட்டியலில் இறங்குகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இரண்டும் எதிரெதிரேதான்.

ஏன் இங்கே மட்டும்? கணக்குதான். மாவட்டத்துக்கு 4 ஆசனம். முதலிடம் பிடிக்கும் கட்சிக்கு ஒன்று போனஸ். மிச்சம் மூன்றுதான் வாக்கு விகிதப்படி பங்கு. 2020இல் வீட்டுக்கு 40 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகள். முழு ஆசனத்துக்கு வேண்டிய அளவு 64 ஆயிரத்துக்கு மேல். எஞ்சிய வாக்குகளில் பெரியது என்பதால்தான் சம்பந்தனுக்கு ஆசனம் கிடைத்தது. ஒரு முழு ஆசனத்துக்கான வாக்குகள் போக ஐக்கிய மக்கள் சக்திக்கு எஞ்சியது 21 ஆயிரத்துக்கு மேல். வீட்டு வாக்கு சரிபாதியாகப் பிரிந்திருந்தால் அந்த ஆசனமும் அவர்களுக்குத்தான். 2000ஆம் ஆண்டு இந்த மாவட்டத்தில் தமிழர் பிரதிநிதித்துவமே இல்லாமற் போனதை ஊரில் பெரியவர்கள் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள்.

இனி வருவது செய்தி அல்ல, என் மதிப்பீடு.

ஓர் ஆசனத்தை இந்தச் சேர்க்கை காப்பாற்றும் என்றே நினைக்கிறேன். இரண்டு கிடைக்கும் என்ற மேடைப் பேச்சை நம்பவில்லை. மாவட்டத்தில் முஸ்லிம் வாக்காளர்களே பெரிய பிரிவு, சிங்கள வாக்கும் கணிசம். வீடு முதலிடத்துக்கு வந்து போனஸைத் தட்டிச் செல்ல வழி தெரியவில்லை. புதிய ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்தி அலை தமிழ் இளைஞரை எவ்வளவு இழுக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. கொஞ்சம் இழுத்தாலும் என் கணிப்பு ஆட்டம் காணும்.

இதைக் கொள்கை இணக்கம் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. அப்படியென்றால் அது மட்டக்களப்பிலும் தெரிந்திருக்கும். ஆசனம் போய்விடுமோ என்ற பயம் சேர்த்து வைத்த கூட்டு, அவ்வளவுதான். பயமும் சிலவேளை நல்லதைச் செய்யும், சரி.

உரசல் தொடங்கப்போவது விருப்பு வாக்கில். பட்டியலில் ஏழு பேர், கிடைக்கக்கூடியது ஒன்று. வாக்காளர் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். ஆனால் ஆதரவாளரிடம் வேட்பாளர்கள் சொல்லப்போவது "வீட்டுக்குப் போட்டுவிட்டு என் இலக்கத்தை மட்டும் போடுங்கள்" என்பதைத்தான். சம்பூரிலும் தம்பலகாமத்திலும் துண்டுப் பிரசுரத்தில் யாருடைய இலக்கம் பெரிதாக அச்சாகிறது என்று பாருங்கள்.