துருசுத் திறப்பு

முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரை வாய்க்காலுக்குப் பக்கத்தில் சிவபாதத்தாரின் வீடு. விறாந்தையில் கிழக்குப் பக்கத் தூணோடு ஒட்டி இருந்தால்தான் அங்கே சிக்னல் நிற்கும். அதனால் கதிரை, ஸ்டூல், மடிக்கணினி, இரண்டு போன், தண்ணீர்ச் செம்பு எல்லாம் அந்தத் தூணடிக்கு வந்திருந்தன.

மடிக்கணினி மகள் வதனி கம்பசில் படித்த காலத்தில் வாங்கியது. ஸ்மார்ட்போனில் வீடியோ அழைப்பு. பட்டன் போனில்தான் பழைய சிம் இருக்கிறது. வங்கியும் ஓய்வூதியக் கந்தோரும் அந்த நம்பரைத்தான் அறியும் என்று அவர் அதை மாற்ற விடவில்லை.

"அப்பா, கமராவை உங்கடை முகத்துக்குப் பிடிக்க வேண்டாம். ஸ்கிரீனைக் காட்டுங்கோ."

"காட்டிக்கொண்டுதானே இருக்கிறன்."

"எனக்கு ஓடுதான் தெரியுது. மூலையிலை சிலந்தி வலை கிடக்கு."

உள்ளேயிருந்து கமலம் குரல் கொடுத்தார். "பிள்ளை, அதை அவருக்குச் சொல்லாதை. ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிடுவார்."

சிக்கல் இதுதான். 2020க்கு முன் ஓய்வு பெற்ற அரச ஊழியர்களின் ஓய்வூதியத்தை மூன்று கட்டமாகத் திருத்துவது 2025 யூலையில் தொடங்கியிருந்தது. சிவபாதத்தார் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து 2010இல் ஓய்வு பெற்றவர். தனக்கு எவ்வளவு கூட வேண்டும் என்று கொப்பி ஒன்றில் தானே கணக்குப் பார்த்து வைத்திருந்தார். பத்தாம் திகதி வங்கிப் புத்தகத்தைப் பதிந்தால் மொத்தத் தொகை மட்டும்தான் வரும். எது அடிப்படை, எது கொடுப்பனவு, எது திருத்தம் என்று பிரித்துப் பார்க்க ஓய்வூதியத் தளத்துக்குள் போக வேண்டும். அது அவரை உள்ளே விடவில்லை.

"`Forgot Password?` எண்டு நீலமா ஒண்டு கிடக்கும். அதை அமத்துங்கோ."

"நான் ஒண்டையும் மறக்கேல்லை. பாஸ்வேட் எனக்கு வடிவாத் தெரியும். அவங்கள்தான் பிழையெண்டு சொல்லுறாங்கள்."

"சரி, அவங்கள் மறந்திட்டாங்கள். அமத்துங்கோ."

அமத்தினார். அடையாள அட்டை இலக்கம் கேட்டது. புதிய அட்டையைப் பார்த்து, பன்னிரண்டு இலக்கத்தையும் ஒற்றை விரலால், ஒவ்வொன்றாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். `Invalid NIC` என்று சிவப்பில் வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி சிவப்பு. இரண்டாம் தடவை சிவப்பு வந்ததும் அவர் மடிக்கணினியைப் பார்த்த பார்வை, அனுமதியில்லாமல் வாய்க்காலை வெட்டித் தண்ணீர் எடுத்த கமக்காரனைப் பார்க்கிற பார்வை.

வதனி கொழும்பில் ஒரு வங்கியில் வேலை. வாடிக்கையாளரின் கணக்குப் பூட்டிக்கொண்டால் எங்கே கோளாறு என்று தேடுவது அவளுக்குப் பழக்கம்.

"அப்பா, இதைப் பதியேக்குள்ள எந்த அட்டை வைச்சிருந்தனீங்கள்? பழசோ?"

"பழசுதான். கடைசியிலை V இருக்கிறது."

"அப்ப அந்த நம்பரைத்தான் அது தேடுது. புதுசிலை முன்னாலை இருக்கிற 19ஐ எடுத்துவிடுங்கோ. பிறந்த ஆண்டின்ர மிச்ச ரெண்டு இலக்கம், பிறகு நாளின்ர மூண்டு இலக்கம், அது அப்பிடியே இருக்கட்டும். அதுக்குப் பிறகு ஒரு சைபர் கிடக்கும், அதையும் எடுத்துவிட்டுக் கடைசியிலை V போடுங்கோ."

"நாளின்ர இலக்கமோ?"

"ஓம். வருசத்திலை நீங்கள் எத்தினையாம் நாள் பிறந்தனீங்கள் எண்டது. பொம்பிளையள் எண்டால் அதோடை ஐந்நூறு கூட்டியிருக்கும்."

சிவபாதத்தார் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இத்தனை வருடம் சட்டைப்பையில் கொண்டு திரிந்த இலக்கத்துக்குள் இப்படி ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பது அவருக்குப் பிடித்துப்போனது. "இஞ்சரும், உம்மடை அட்டையைக் கொண்டாரும்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். கமலம் கொண்டுவரவில்லை. புட்டு அவித்துக்கொண்டிருந்தார்.

இலக்கத்தைத் தளம் ஏற்றுக்கொண்டது. அடுத்து கோணல் எழுத்துகள் வந்தன. அது o வா சைபரா என்பதில் ஒரு வாக்குவாதம். அது முடிவதற்குள் ஹொட்ஸ்பொட் போனது. திரும்ப வந்தபோது பக்கம் முதலிலிருந்து தொடங்கியது. வதனிக்கு அரை மணித்தியாலத்தில் கந்தோரில் கூட்டம் இருந்தது.

"அப்பா, விடுங்கோ. நான் இஞ்ச என்ர கொம்பியூட்டரிலை அதே பக்கத்தைத் திறந்திட்டன். உங்கடை நம்பரைச் சொன்னியள் எண்டால் அடிச்சிடுவன். இப்ப உங்கடை பட்டன் போனுக்கு ஆறு இலக்கத்திலை ஒரு மெசேஜ் வரும். அதைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

அட்டை இலக்கத்தைச் சொன்னார். பட்டன் போன் ஸ்டூலில் கிடந்து அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடி பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"வந்ததோ?"

"வந்தது."

"சொல்லுங்கோ."

"சொல்லமாட்டன்."

"என்னப்பா?"

"ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டு இதிலையே போட்டிருக்கு. போன மாசம் நீயும் சொன்னனீ. தம்பிராசாவின்ர பெடியனுக்கு என்ன நடந்தது? பரிசு விழுந்திருக்கு எண்டு ஒருத்தன் போன் எடுத்தான். பெடியன் இலக்கத்தைச் சொன்னான். நெல்லு வித்த காசு முழுக்கப் போச்சு."

"அது கள்ளன். நான் உங்கடை மகள்."

"முகத்தை மாத்திக் காட்டுறாங்களாம். அதையும் நீதான் அனுப்பினனீ."

வதனி தலையில் கை வைத்தாள். அந்தச் செய்தியை அனுப்பியது அவள்தான். 'கட்டாயம் வாசியுங்கோ' என்று மூன்று ஆச்சரியக்குறி வேறு போட்டிருந்தாள்.

"இலக்கத்துக்கு அஞ்சு நிமிசம்தான் அப்பா. ரெண்டு போட்டுது."

"அப்ப கெதியா ஒரு கேள்வி கேக்கிறன். நாங்கள் வெளிக்கிடேக்குள்ள துருசுத் திறப்பை எந்த மரத்துக்குக் கீழ தாட்டனாங்கள்?"

உள்ளே புட்டுக்குழலைத் தட்டுகிற சத்தம் நின்றது.

திரையில் வதனி உடனே பதில் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது இருபது வயது. போரில் குளத்துப் பக்கம் செல் விழத் தொடங்கிய கிழமை அது. அயலெல்லாம் கிடங்கு வெட்டித் தையல் மெசின், தண்ணீர் மோட்டர், வெண்கலப் பாத்திரம் என்று தாட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மண்வெட்டியோடு பலாவடிக்குப் போனார். துருசுத் திறப்பு என்றால் சட்டைப்பையில் போடுகிற சாவியல்ல, குளத்து மதகைத் திறக்கிற முழங்கை நீள இரும்பு. அரசாங்கச் சொத்து, கையெழுத்து வைத்துப் பாரம் எடுத்தது, கொண்டுபோய்த் தொலைக்கக் கூடாது, அதனால் தாட்டாயிற்று என்று எல்லோருக்கும் சொன்னார்.

"நீங்கள் அதைத் தாட்டதே இல்லை" என்றாள் வதனி. "பலாவடியிலை வெறுங்கிடங்கை வெட்டி மூடினனீங்கள். திறப்பை அரிசி வாளிக்கு அடியிலை வைச்சுக்கொண்டு வந்தனீங்கள். விசுவமடுவிலையும் சொல்லேல்லை, தேவிபுரத்திலையும் சொல்லேல்லை. மாத்தளனிலை அரிசி முடியேக்குள்ளதான் அம்மாவின்ர கையிலை தட்டுப்பட்டது."

"அம்மா என்ன சொன்னவ?"

"உந்த இரும்பாலை ஆருக்குக் கஞ்சி காய்ச்சப்போறியள் எண்டு கேட்டவ."

கமலம் விறாந்தைக்கு வந்துவிட்டார். கை முழுக்க மா. "நான் அப்பிடி மட்டுமோ சொன்னனான்? அரிசி இன்னும் ரெண்டு கொத்து இருக்கெண்டு நினைச்சுக்கொண்டிருந்த எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? பாரத்தைப் பாத்து அரிசியெண்டு நம்பினன் பிள்ளை."

சிவபாதத்தார் அவரைப் பார்க்கவில்லை. "திருப்பிக் குடுத்தனான்" என்றார். "செட்டிகுளம் முகாமாலை வந்து வேலையை மறுபடி பாரம் எடுக்கேக்குள்ள மேசையிலை வைச்சுக் கையெழுத்து வாங்கினனான். எல்லாரும் துலைஞ்சு போச்சு எண்டு எழுதிக் குடுக்க, நான் சாமானோடை போனனான்."

"ஓம். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருசம் போச்சு" என்றார் கமலம்.

"சரி அப்பா, நான் பாஸ் தானே? இலக்கத்தைச் சொல்லுங்கோ."

"நீ என்ர மகள்தான். அதிலை எனக்குச் சந்தேகம் இல்லை."

"அப்ப?"

"ஆனால் இலக்கம் சொல்லமாட்டன். மகளுக்குச் சொல்லலாம் எண்டு இதிலை போடேல்லை."

ஐந்து நிமிடம் முடிந்திருந்தது. வதனி தன் கணினியின் மூடியைச் சாத்தினாள். கந்தோர்க் கூட்டத்துக்குப் பிந்தி வருகிறேன் என்று ஒரு செய்தி தட்டிவிட்டாள். "சரி, நீங்களே செய்யுங்கோ. முதலிலை இருந்து வாறம்." உள்ளபடி சொன்னால், வங்கியில் ஒரு வாடிக்கையாளர் இப்படிப் பிடிவாதம் பிடித்திருந்தால் அவள் மனதுக்குள் கைதட்டியிருப்பாள். சொந்த அப்பா பிடிக்கும்போதுதான் கோபம் வருகிறது.

இந்த முறை V சரியாக விழுந்தது. கோணல் எழுத்தில் o வும் இல்லை, சைபரும் இல்லை. பட்டன் போனில் வந்த ஆறு இலக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். கமராவுக்கு மறைத்தாரா, பக்கத்தில் நின்ற கமலத்துக்கு மறைத்தாரா என்பது தெரியவில்லை.

"இப்ப புதுப் பாஸ்வேட் கேக்கும். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. ஒரு பெரிய எழுத்து, ஒரு இலக்கம், ஒரு குறி, எல்லாம் வேணும். பெரிய எழுத்துக்கு ஷிஃப்டை அமத்திக்கொண்டு அடியுங்கோ. பிறந்த திகதி போடாதையுங்கோ. அம்மாவின்ர பேர், என்ர பேர் ஒண்டும் வேண்டாம்."

"உங்கடை பேரை ஆர் போடப்போறது?" என்று கேட்டபடி, ஸ்மார்ட்போனைத் தூணோடு சாய்த்து, கமரா வாய்க்காலைப் பார்க்கத் திருப்பிவைத்தார். வதனிக்கு வாய்க்கால்கரையும் ஒரு கொக்கும் தெரிந்தன. விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு விரல், நீண்ட இடைவெளி, ஒரு விரல்.

"குறிக்கு என்ன அமத்துறது?"

"எட்டுக்கு மேலை நட்சத்திரம் இருக்கும். ஷிஃப்டோடை."

"சரி. பச்சையிலை ஒண்டு வந்திருக்கு."

"அதுதான்! இப்ப உள்ளுக்குப் போங்கோ."

உள்ளே போனார். அடிப்படை, கொடுப்பனவு, திருத்தம் எல்லாம் தனித்தனி வரியாக இருந்தன. கொப்பியை மடியில் விரித்துப் பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வந்தார். கடைசி வரியில் பென்சில் நின்றது.

"பன்னிரண்டு ரூபா குறையுது."

"அப்பா, பன்னிரண்டு ரூபா."

"மாசம் பன்னிரண்டு. எந்த வரியிலை எண்டு கேட்டு ஒரு கடிதம் எழுதவேணும்."

"எழுதுங்கோ. பாஸ்வேட்டை மட்டும் எங்கையும் எழுதிவைக்காதையுங்கோ, என்ன? ஞாபகத்திலை வைச்சிருங்கோ."

"துருசுத் திறப்பையே வைச்சிருந்தனான், உதை வைச்சிருக்கமாட்டனோ" என்று சொல்லி அழைப்பை நிற்பாட்டினார்.

பின்னேரம் கூட்டம் முடிந்து வந்த வதனியின் போனில் அம்மாவின் குரல் பதிவு ஒன்று இருந்தது.

"பிள்ளை, அப்பா குளிக்கப் போட்டார், கெதியாச் சொல்லுறன். பாஸ்வேட்டை இண்டைய கலண்டர்த் தாளிலை, மழைக் கணக்குக்குப் பக்கத்திலை எழுதி வைச்சிருக்கிறார். நாளைக்குக் காலமை கிழிப்பார், ஆனால் எறியமாட்டார். வாசல்லை கம்பியிலைதான் குத்தி வைப்பார், வாற போற ஆக்களெல்லாம் பாக்கிறமாதிரி. நீ எழுதிக்கொள்ளு..."

தொடர்ந்து அம்மா எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டு போனார். பெரிய I, பிறகு சின்ன எழுத்துகள், 36, நட்சத்திரம். இரணைமடுவின் முழுக் கொள்ளளவு முப்பத்தாறு அடி என்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சொந்தக் குளத்தின் அளவைப் போட்டால் ஊர்ச்சனம் கண்டுபிடித்துவிடும் என்று பக்கத்துக் குளத்துக்குப் போயிருக்கிறார்.

"அம்மா, அந்த வொயிஸை உடனை அழியுங்கோ" என்று வதனி பதில் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவிடமிருந்து இன்னொரு பதிவு வந்தது. "அது எப்பிடி அழிக்கிறது பிள்ளை? வீடியோவிலை வாறியோ?"