குடியிருப்போர் நலச்சங்கச் செயற்குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு

நாள்: 14.09.2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5 மணி
இடம்: வேளச்சேரி குடியிருப்பின் மொட்டைமாடி
வருகை: தலைவர், செயலாளர், பொருளாளர், மூன்று செயற்குழு உறுப்பினர்கள், சிறப்பு அழைப்பில் தரைத்தள வீட்டார் இருவர்.

கூட்டம் நடந்தபோதும் அன்றிரவும் வாட்ஸ்அப் குழுவில் பதிவான செய்திகளைக் கொண்டு இக்குறிப்பு தயாரிக்கப்பட்டது. "யாராவது பார்த்துக்கொள்ளட்டும்", "அடுத்த வாரம் முடித்துவிடலாம்" என்று பதிவாகியிருந்த இடங்களில், உரியவரிடம் நேரில் பேசி, அவர் ஒப்புக்கொண்ட தேதியையே எழுதியுள்ளேன்.

1. மழைநீர் சேகரிப்புத் தொட்டிகள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கவிருப்பதால், வண்டல் படிந்துள்ள மூன்று தொட்டிகளையும் தூர்வாரத் தீர்மானிக்கப்பட்டது. வந்த இரண்டு விலைப்புள்ளிகளில் ரூ.14,500 குறைவாகத் தெரிந்தாலும், கூழாங்கல்லையும் மணலையும் மாற்றும் செலவு அதில் சேரவில்லை என்பதைப் பொருளாளர் சுட்டிக்காட்டியதால், அவற்றையும் உள்ளடக்கிய ரூ.18,000 விலைப்புள்ளி ஒருமனதாக ஏற்கப்பட்டது. தொகை பராமரிப்பு நிதியிலிருந்து வழங்கப்படும்.
பொறுப்பு: பொருளாளர். கெடு: 27.09.2025.

2. மின்மீட்டர் பலகை

நீண்ட நேரம் பேசப்பட்டது இதுவே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வாகன நிறுத்தத் தளத்தில் தண்ணீர், மின்மீட்டர் பெட்டிகளின் அடிப்பாகம் வரை ஏறியதையும், மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே மக்கள் படியிறங்க முடிந்ததையும் தரைத்தள வீட்டார் நினைவுபடுத்தினர். பலகையை மூன்றடி உயர்த்த வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மின்வாரியத்தின் அனுமதியின்றி மீட்டரைத் தொடக்கூடாது என்பதால், தனியார் எலக்ட்ரீஷியனை வைத்து உடனே செய்துவிடலாம் என்ற யோசனை கைவிடப்பட்டது. உயிர் சம்பந்தப்பட்ட இவ்வேலை தள்ளிப்போகக்கூடாது என்று குழு வலியுறுத்துகிறது.
பொறுப்பு: உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் மனு அளிப்பது செயலாளர், 17.09.2025, வேலைக்கான மதிப்பீடு பெறுவது இரண்டாம் தளச் செயற்குழு உறுப்பினர், 20.09.2025.

3. கீழ்நிலைத் தொட்டி

மூடியின் விளிம்பில் உள்ள வெடிப்பு வழியே மழைநீர் குடிநீரில் கலக்க வாய்ப்புள்ளதால், தொட்டியைக் கழுவுவதற்கு முன்பே மூடியை மாற்ற வேண்டும். கழுவும் நாளில் காலை 8 முதல் மதியம் 1 மணி வரை தண்ணீர் வராது என்ற அறிவிப்பு, இரண்டு நாள் முன்னதாக லிஃப்ட் அருகே ஒட்டப்படும்.
பொறுப்பு: முதல் தளச் செயற்குழு உறுப்பினர். கெடு: மூடி 24.09.2025, கழுவுதல் 28.09.2025.

4. வாகன நிறுத்த இடம்

வாட்ஸ்அப் குழுவில் அதிகச் செய்திகள் இதைப் பற்றியே வந்திருந்தாலும் முடிவு எதுவும் எட்டப்படவில்லை. தனிப்பட்ட முறையில் கூறப்பட்ட சொற்கள் இங்கே பதிவு செய்யப்படவில்லை. விற்பனைப் பத்திரங்களில் உள்ள ஒதுக்கீட்டு விவரங்களைத் திரட்டி, தலைவர் அடுத்த கூட்டத்தில் வைப்பார்.

அடுத்த கூட்டம் 05.10.2025 ஞாயிறு மாலை 5 மணிக்கு நடைபெறும். இக்குறிப்பில் திருத்தம் தேவையெனில் 18.09.2025-க்குள் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
15.09.2025