வங்கிக் கணக்கைச் சரிகட்டும் மாத நடைமுறை: செங்கோட்டை ஹார்டுவேர், பெயிண்ட் கடை

2025 அக்டோபர் 1 முதல் நடைமுறை. செப்டம்பர் மாதக் கணக்கும் இதன்படியே முடிக்கப்பட வேண்டும்.

கடந்த மார்ச் மாதக் கணக்கை இருவர் தனித்தனியே போட்டபோது, ஒரே வங்கி அறிக்கையையும் ஒரே ரொக்க ஏட்டையும் வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு இருப்புகளுக்கு வந்து சேர்ந்தோம். இருவர் கூட்டலிலும் பிழை இல்லை. பெயிண்ட் சப்ளையருக்கு முன்தேதியிட்டுக் கொடுத்திருந்த காசோலைகளை ஒருவர் கொடுத்த நாளிலும் மற்றவர் காசோலையில் எழுதியிருந்த நாளிலும் பதிந்திருந்தார்கள் என்பதே காரணம். எங்கெல்லாம் இரண்டு விதமாக முடிவெடுக்க இடமிருக்கிறதோ அங்கெல்லாம் இந்த நடைமுறை ஒரே விடையைச் சொல்கிறது. கணக்குப் பணியில் புதிதாகச் சேர்ந்தவரும் பல ஆண்டுகள் இருந்தவரும் இதை வரிக்கு வரி பின்பற்ற வேண்டும். இதைவிட நல்ல வழி தெரிந்தால் அதை முதலில் இங்கே எழுதிச் சேர்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து பின்பற்றலாம்.

எப்போது, எதை வைத்து

அடுத்த மாதம் 4ஆம் தேதி, நெட் பேங்கிங்கிலிருந்து மாதத்தின் முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரையிலான வங்கி அறிக்கையைப் பதிவிறக்கம் செய்ய வேண்டும். 4ஆம் தேதி வரை காத்திருப்பதற்குக் காரணம், மாதக் கடைசி நாளின் கியூஆர் வசூலும் கார்டு வசூலும் வந்து சேர்ந்த நாளை அன்றுதான் ஐயமின்றிப் பார்க்க முடியும். பாஸ்புக் பதிவை வைத்துச் சரிகட்டக் கூடாது. அதில் பரிமாற்ற எண் முழுமையாக அச்சாவதில்லை. வேலை 7ஆம் தேதிக்குள் முடிய வேண்டும், ஏனென்றால் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும்போது விடுபட்ட விற்பனை பில்கள் கையில் இருக்க வேண்டும்.

மேசையில் இருக்க வேண்டியவை: வங்கி அறிக்கை, டாலியிலிருந்து எடுத்த வங்கிக் கணக்கு லெட்ஜர், காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், பணம் கட்டிய சலான்கள், கார்டு இயந்திரத்தின் தினசரி செட்டில்மெண்ட் சீட்டுகள், முன்தேதிக் காசோலை நோட்டு, சென்ற மாதத்தின் சரிகட்டும் பட்டியல். இவற்றில் ஒன்று இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

முதல் வேலை, சென்ற மாதப் பட்டியலில் நிலுவையாக நின்ற ஒவ்வொரு வரியும் இந்த மாத அறிக்கையில் வந்துவிட்டதா என்று பார்ப்பது. வந்ததை டிக் செய்து தேதியை எழுத வேண்டும். வராததை அப்படியே இந்த மாதப் பட்டியலுக்குக் கொண்டுவர வேண்டும். சென்ற மாதப் பட்டியலின் எந்த எண்ணையும் திருத்தக் கூடாது. அது தவறு என்று தெரிந்தாலும், திருத்தம் இந்த மாதத் தேதியில் தனிப் பதிவாகத்தான் வர வேண்டும்.

எந்தத் தேதி

முடிவுகள் பிரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாம் கொடுக்கும் காசோலையின் தேதி, காசோலையில் எழுதிய நாள், அதை ஆளிடம் ஒப்படைத்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதுவே. ஆகஸ்ட் 20 அன்று கொடுத்து செப்டம்பர் 10 என்று தேதியிட்ட காசோலை, செப்டம்பர் 10 வரை ரொக்க ஏட்டின் வங்கிப் பத்திக்குள் வரவே கூடாது. அதுவரை முன்தேதிக் காசோலை நோட்டில் மட்டும் இருக்கும். அதேபோல் ஆகஸ்ட் 30 என்று எழுதிக் கையெழுத்திட்டு மேசை டிராயரிலேயே கிடக்கும் காசோலையும் நம் இருப்பைக் குறைக்காது. வாடிக்கையாளர் நமக்குத் தரும் காசோலைக்கு வங்கியில் போட்ட நாளே தேதி. பெட்டியில் போட்டதும் சலான் அடிக்கட்டையில் அன்றைய தேதியை எழுதிவிட வேண்டும்.

யுபிஐ, கார்டு விற்பனைக்குத் தேதி பில் தேதி. நம் கியூஆர் வசூல் தனித்தனியாக வராமல் ஒரு நாளின் மொத்தமும் மறுநாள் ஒரே வரவாக வருகிறது. ஆகவே பில் பில்லாக ஒப்பிட முயல வேண்டாம். அன்றைய கியூஆர் மொத்தத்தை, செயலியில் தெரியும் அந்த நாளின் செட்டில்மெண்ட் தொகையோடு ஒப்பிட்டு, அந்தத் தொகையை அறிக்கையில் தேட வேண்டும். கார்டு வசூலை ஏட்டில் முழுத் தொகையாகப் பதிய வேண்டும். வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும், பணம் வரவான நாளில் செலவாகப் பதிவாகும். கழித்து வந்த தொகையை விற்பனையாக எழுதினால் விற்பனை குறைந்துபோகும், அந்தக் குறை ஜிஎஸ்டி கணக்கிலும் போய் நிற்கும்.

ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் பக்கத்திலிருந்து வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பெயிண்ட் வாங்க வருவோர் அதிகம். கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் தம் போனில் காட்டும் ‘வெற்றி’ என்ற திரையை வரவாக ஏற்கக் கூடாது. நம் ஸ்பீக்கர் சொன்னதும் நம் செயலியில் தெரிவதும் மட்டுமே வரவு. கூட்டத்தில் யாராவது முதலாளியின் சொந்த எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டால், அதைக் கடை வங்கி வரவாக எழுத வேண்டாம். முதலாளி பெயரில் பற்று எழுதி, அவர் கடைக் கணக்குக்கு மாற்றிய நாளில்தான் வங்கி வரவு எழுத வேண்டும்.

ஒப்பிடும் முறை

ஒரு வரி பொருந்தியது என்று டிக் செய்யப் பரிமாற்ற எண்ணும் தொகையும் இரண்டுமே பொருந்த வேண்டும். என்இஎஃப்டிக்கு யுடிஆர் எண், காசோலைக்குக் காசோலை எண், கார்டுக்கு செட்டில்மெண்ட் சீட்டின் பேட்ச் எண். தொகை மட்டும் ஒத்துப்போனால் டிக் செய்யக் கூடாது. கேள்விப் பட்டியலில் எழுத வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு கொத்தனார்கள் ஆளுக்கு 2,000 ரூபாய் அனுப்பியிருக்கும்போது, ஒருவருடைய பணத்தை மற்றவர் கணக்கில் வைத்துவிட்டால் வங்கி இருப்பு சரியாகவே இருக்கும். கடன் பாக்கி கேட்கப் போகும்போதுதான் தவறு தெரியும், அதற்குள் ஒரு நல்ல வாடிக்கையாளர் மனம் நொந்திருப்பார். மலையாளத்தில் எழுதிய ஆர்டர் சீட்டு வந்தால், பெயரைத் தமிழில் பில்லில் இருப்பதுபோலவே ஏட்டிலும் எழுதவும்.

ஒன்றை நினைவில் வைக்கவும்: அறிக்கை வங்கியின் ஏடு. நமக்கு வந்த பணம் அதில் கிரெடிட் பத்தியில் இருக்கும், நாம் கொடுத்தது டெபிட்டில். கணக்கு ஓவர்டிராஃப்டில் போன மாதத்தில் இருப்பின் முன் கழித்தல் குறியிட்டுத் தொடங்கினால் மற்ற படிகள் மாறாது.

இருபுறமும் திருத்தி ஒரே எண்ணுக்கு வருதல்

வங்கி இருப்பிலிருந்து நேரே ஏட்டிருப்புக்குப் போகும் முறையை இனிமேல் பயன்படுத்த வேண்டாம். இரண்டு இருப்புகளையும் தனித்தனியே திருத்தி இரண்டும் ஒரே தொகைக்கு வர வேண்டும். வங்கிக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது ஏட்டுப் பக்கம்; நமக்குத் தெரிந்து வங்கிக்கு இன்னும் போய்ச்சேராதது வங்கிப் பக்கம். 2025 ஆகஸ்ட் மாதப் பட்டியல் மாதிரிக்காக:

```
ரொக்க ஏட்டின்படி இருப்பு, 31-8-2025      2,84,316
+ பதியாமல் விட்ட என்இஎஃப்டி, 29-8          18,500
- திரும்பிய காசோலை                       12,400
- காசோலை திரும்பியதற்குக் கட்டணம்           177
- வங்கிக் கட்டணம் (300 + ஜிஎஸ்டி 54)        354
- 5,940ஐ 5,490 என்று பதிந்த பிழை            450
திருத்திய இருப்பு                        2,89,435

வங்கி அறிக்கையின்படி இருப்பு, 31-8-2025   2,98,825
- பணமாக்கப்படாத காசோலைகள் இரண்டு
  (46,200 + 7,850)                       54,050
+ 30-8 போட்ட காசோலை, வரவாகவில்லை         22,000
+ கார்டு, 31-8                            8,400
+ கியூஆர், 31-8                          14,260
திருத்திய இருப்பு                        2,89,435
```

மேல் பாதியின் ஐந்து வரிகளுக்கும் ஆகஸ்ட் மாதத்திலேயே டாலியில் பதிவு போட வேண்டும். கீழ்ப் பாதிக்கு நாம் எந்தப் பதிவும் போடுவதில்லை, அவை தாமாக வந்து சேரும். ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஓண வியாபாரத்துக்காகக் கடை திறந்திருந்தது. அன்றைய வசூல் செப்டம்பரில்தான் வரவானது. திரும்பிய காசோலைக்குப் பதிவு போடும்போது, அந்த வாடிக்கையாளரின் பாக்கி மீண்டும் 12,400 ஆகிவிட்டதா என்று அவருடைய லெட்ஜரையும் திறந்து பார்க்க வேண்டும். கட்டணமான 177ஐ அவரிடம் வசூலிப்பதா என்பதை முதலாளி சொல்வார்; அதுவரை அது நம் செலவு.

இரண்டு இருப்புகளும் ஒத்துவராதபோது

வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். மேலே உள்ள 450 அப்படிக் கண்டுபிடித்ததுதான். வித்தியாசத்தின் பாதிக்குச் சமமான தொகை இருந்தால், வரவு பற்றாகவோ பற்று வரவாகவோ பதிவாகியிருக்கலாம். வித்தியாசத்துக்குச் சமமான தொகையே ஒருபுறம் மட்டும் இருந்தால், ஒன்று விடுபட்டிருக்கிறது அல்லது இருமுறை பதிவாகியிருக்கிறது. இந்த மூன்றையும் பார்த்த பிறகும் கிடைக்கவில்லை என்றால், மாதத்தை வாரமாகப் பிரித்து ஒவ்வொரு ஞாயிறன்றும் இருந்த இருப்பைச் சரிகட்டிப் பார்க்கவும். எந்த வாரத்தில் தொடங்கியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கணக்கை நேராக்குவதற்காகச் சில்லறைச் செலவு என்றோ ரவுண்டிங் என்றோ பதிவு போடுவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. வித்தியாசம் ஒரே ஒரு ரூபாயாக இருந்தாலும், ‘காரணம் தெரியாத வித்தியாசம்’ என்று தனி வரியாகப் பட்டியலில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 1 ரூபாய் என்பது 10,001 வரவுக்கும் 10,000 பற்றுக்கும் இடையே உள்ள மீதியாகவும் இருக்கலாம். வித்தியாசத்தோடு பட்டியலைக் கொடுப்பவர்மேல் யாரும் குறை சொல்ல மாட்டோம். அதை மறைத்துச் சரியாக்கிக் கொடுப்பதைத்தான் ஏற்க முடியாது.

நாட்பட்ட காசோலைகள்

ஒரு காசோலை, அதில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம் மட்டுமே செல்லும். ஆகவே நிலுவைக் காசோலை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை நாள் ஆயிற்று என்று எழுத வேண்டும். 60 நாள் கடந்தால் வாங்கியவரிடம் போனில் கேட்கவும். 3 மாதம் கடந்தால், தொலைந்துபோனதா அவரிடமே இருக்கிறதா என்று எழுத்தில் பெற்று, முதலாளி கையெழுத்துடன் காசோலையை ரத்து செய்து, தொகையைச் சப்ளையர் பாக்கியிலேயே திரும்ப வைக்க வேண்டும். வருமானமாக எழுதக் கூடாது, கடன் இன்னும் நம்முடையதுதான்.

தயாரிப்பவர், சரிபார்ப்பவர்

வங்கிக்குப் பணம் கட்டப் போகிறவர் அந்த மாதப் பட்டியலைத் தயாரிக்கக் கூடாது. தயாரித்தவர் கையெழுத்திட்டபின் மற்றவர் கூட்டல்களையும், மேல் பாதிப் பதிவுகள் டாலியில் ஏறியிருப்பதையும், நிலுவையில் நிற்கும் ஐந்து வரிகளை ஆவணத்தோடும் பார்த்துக் கையெழுத்திடுவார். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் அனைத்தையும் பார்க்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாமவர் முதலாமவரின் பட்டியலைப் பார்க்காமலேயே, அதே ஆவணங்களை வைத்து முழுவதையும் புதிதாகப் போடுவார். திருத்திய இருப்பு மட்டுமல்ல, நிலுவை வரிகளும் ஒவ்வொன்றாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் யார் சரி என்று விவாதிப்பதற்கு முன், இந்த நடைமுறையின் எந்த வாக்கியத்தை இருவரும் வேறுவேறாகப் படித்தார்கள் என்று கண்டுபிடித்து, அந்த வாக்கியத்தை அன்றே மாற்றி எழுதித் தேதியிட வேண்டும். முதல் முறை, செப்டம்பர் மாதக் கணக்குக்கு அக்டோபர் 8 அன்று நடக்கும்.