விளம்பரச் செலவு இரண்டு மடங்கு, விசாரணை அதே நாற்பது: விளக்கம் கேட்டு

ஆத்தங்குடி,
4.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

ஆயுதபூஜைக்கு நம் டைல்ஸ் கல் பட்டறைக்கு இரண்டு நாள் விடுமுறை விட்டிருந்தேன். அச்சுக்கும் கண்ணாடிப் பலகைகளுக்கும் பொட்டு வைத்துப் பொரி கொடுத்து அனுப்பிய பிறகு கையில் வேலை இல்லை. நீங்கள் மாதாமாதம் அனுப்பும் கூகுள் விளம்பர அறிக்கைகளையும் என் விசாரணை நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கடையின் கணக்கு மாதிரியே இல்லை. போனில் பேசினால் நான் கோபப்பட்டுவிடுவேன், நீங்களும் "பார்க்கிறேன் அக்கா" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன். பதிலும் எழுத்திலேயே வேண்டும்.

முதலில் கணக்கு. ஜி.எஸ்.டி. சேர்க்காமல், கூகுள் விளம்பரத்துக்கு ஜூன் மாதம் 18,400 ரூபாய் போனது. ஜூலையில் 24,900, ஆகஸ்டில் 31,200, செப்டம்பரில் 36,700. அதே நான்கு மாதங்களில் என் நோட்டில் ஏறிய விசாரணைகள் 41, 43, 39, 42. நோட்டில் ஏறுவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். போனிலோ வாட்ஸ்அப்பிலோ வந்து, எத்தனை சதுர அடி, எந்த ஊர், எப்போது வேண்டும் என்ற மூன்றில் ஒன்றையாவது சொன்னவர்களைத்தான் எழுதுகிறேன். தெரிந்தவர் சொல்லி வந்தவர்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. இந்தக் கணக்கில் அவர்கள் இல்லை. ஜூனில் ஒரு விசாரணைக்கு 449 ரூபாய் ஆனது. செப்டம்பரில் 874. ஆர்டரும் கூடவில்லை, ஜூனில் ஆறு, செப்டம்பரில் ஐந்து.

உங்கள் அறிக்கையோ மாதத்துக்கு மாதம் பச்சை அம்புக்குறியோடு வருகிறது. கிளிக் 920-லிருந்து 2,940 ஆகிவிட்டது, ஒரு கிளிக்கின் விலை 20 ரூபாயிலிருந்து பன்னிரண்டரை ரூபாய்க்கு இறங்கிவிட்டது, "கன்வெர்ஷன்" 58-லிருந்து 263 ஆகிவிட்டது என்கிறீர்கள். 263 பேர் என்னிடம் கல் கேட்டிருந்தால் நான் இன்னும் நாலு ஆளைப் போட்டிருப்பேன் தம்பி. அந்த 263 பேர் யார், எங்கே போனார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

என் மகளை உட்காரவைத்துக் கணக்கைத் திறந்து பார்த்தோம். நீங்கள் எங்களுக்குக் கொடுத்திருப்பது பார்க்க மட்டும் முடிகிற அனுமதி, ஆனாலும் தெரிய வேண்டியது தெரிந்தது. ஜூன் வரை வாட்ஸ்அப் பட்டனை அழுத்துவதையும் போன் எண்ணைத் தொடுவதையும்தான் கன்வெர்ஷன் என்று எண்ணியிருக்கிறீர்கள். ஜூலையில் தொடர்புப் பக்கத்தைத் திறந்தாலே ஒன்று என்று சேர்த்திருக்கிறீர்கள். ஒரே ஆள் மூன்று முறை திறந்தால் மூன்று என்றும் வைத்திருக்கிறது. வாசலில் நின்று போர்டைப் படித்தவரையெல்லாம் வாடிக்கையாளர் என்று எழுதினால் எந்தக் கடைக்கும் கூட்டம் வரும். இதை நீங்கள் தெரிந்தே செய்தீர்களா, யாராவது புதுப் பையன் செய்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த எண்ணை நம்பித்தான் ஆகஸ்டில் "இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா" என்று நீங்கள் கேட்டதற்கு நான் "ஓகே" போட்டேன். அந்த ஓகே என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் பட்ஜெட் 650-லிருந்து 850, 1,050, கடைசியில் 1,250 வரை போயிருக்கிறது. ஜூலையிலும் செப்டம்பரிலும் ஏற்றியதற்கு என்னிடம் கேட்டதாக என் வாட்ஸ்அப்பில் எதுவும் இல்லை.

அடுத்தது, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போன விஷயம். ஜூலையிலிருந்து பட்டறைக்கு ஒரு மாதிரியான போன் வர ஆரம்பித்தது. "அரண்மனை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" "டிக்கெட் எவ்வளவு?" "கல்யாண போட்டோ ஷூட் எடுக்கலாமா, ட்ரோன் விடுவீங்களா?" முதலில் ஏதோ எண் மாறி வருகிறது என்று நினைத்தோம். கல் அடுக்கும் பையன் பதில் சொல்லிச் சொல்லி இப்போது சுற்றுலா வழிகாட்டி மாதிரி பேசுகிறான். என்ன தேடியவர்களுக்கு நம் விளம்பரம் காட்டப்பட்டது என்ற பட்டியலைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. `athangudi palace timings`, `athangudi palace entry fee` என்று தேடுகிறவர்களுக்கெல்லாம் நம் விளம்பரம் போயிருக்கிறது. அதில் ஒவ்வொரு கிளிக்குக்கும் என் காசு.

செப்டம்பர் பட்டியலை மகளும் நானும் ராத்திரி உட்கார்ந்து பிரித்தோம். குறைவான பேர் தேடிய சொற்களை கூகுள் காட்டுவதில்லை, அதனால் 2,940 கிளிக்கில் 2,100-க்குத்தான் என்ன தேடினார்கள் என்பது தெரிகிறது. அதில் அரண்மனை, ஹோட்டல், ஷூட்டிங் பக்கம் 790. பாத்ரூம் டைல்ஸ், விட்ரிஃபைடு, பக்கத்தில் உள்ள டைல்ஸ் கடை என்று தேடியவர்கள் 610. டைல்ஸ் செய்யும் மெஷின், பயிற்சி, வேலை என்று 110. சில்லறை 160. ஆத்தங்குடி கல்லையே பெயர் சொல்லித் தேடியவை 430. ஜூன் பட்டியலையும் இதே மாதிரி பிரித்தோம். அதில் பெயர் சொல்லித் தேடியவை எத்தனை தெரியுமா? 410.

இந்த ஒரு எண்ணைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. கல் வேண்டும் என்று வருகிறவர்கள் அப்போதும் அதே அளவு, இப்போதும் அதே அளவு. விசாரணையும் அதனால்தான் நாற்பதிலேயே நிற்கிறது. கூடுதலாகப் போட்ட பதினெட்டாயிரமும் மற்றவர்களிடம் போயிருக்கிறது. அந்தக் கிளிக்குகள் மலிவு, போட்டி இல்லாத கிளிக்குகள். சராசரி விலை இறங்கியதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தப்பென்றால் சொல்லுங்கள்.

மாற்ற வரலாற்றில் ஜூலை 3-ஆம் தேதி எல்லாச் சொற்களும் "ஃபிரேஸ் மேட்ச்"சிலிருந்து "பிராட் மேட்ச்"சுக்கு மாறியிருக்கிறது. தேடல் சொல்லுக்கு அர்த்தத்தில் கொஞ்சம் ஒட்டினாலே விளம்பரத்தைக் காட்டும் முறை அது என்று மகள் சொன்னாள். அதை நீங்கள் கையால் மாற்றினீர்களா, இல்லை பரிந்துரைகளைத் தானாக ஏற்கும் வசதியைத் திறந்து விட்டிருந்தீர்களா? மாற்றிய பிறகு மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது தேடல் பட்டியலைத் திறந்து பார்த்தீர்களா? விலக்க வேண்டிய சொற்கள் என்ற இடத்தில் மொத்தமே ஒன்பது சொற்கள் இருக்கின்றன. ஒன்பதும் போன வருடம் போட்டவை. `palace` அதில் இல்லை. ஆத்தங்குடியில் டைல்ஸ் விற்கிறவருக்கு முதலில் விலக்க வேண்டிய சொல் அதுதானே?

ஊர் விஷயமும் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், பெங்களூரு என்று மூன்றுதான் பேசியிருந்தோம். டெல்லி, புனேயிலிருந்தெல்லாம் கிளிக் வந்திருக்கிறது. நாம் பேசிய மூன்று இடங்களில் இருப்பவர்கள் மட்டும் என்று வைக்காமல், அந்த இடங்கள் மேல் ஆர்வம் உள்ளவர்களும் என்று வைத்திருப்பதைப் பார்த்தேன். செட்டிநாடு சுற்ற வருகிறவர்கள் இப்படித்தான் உள்ளே வந்திருக்க வேண்டும்.

என் பக்கக் குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. ஜூலையில் சதுர அடிக்கு எட்டு ரூபாய் ஏற்றினோம், அதை வலைத்தளத்திலும் போட்டோம். விலை பார்த்துப் போனவர்கள் சிலர் இருப்பார்கள். ஆடியில் வீட்டு வேலை தொடங்க யோசிப்பார்கள், அதனால் ஆகஸ்டில் 39 வந்ததே பரவாயில்லை. ஆனால் ஆவணி எல்லா வருடமும் எங்களுக்குச் சூடு பிடிக்கும் மாதம். அப்போதும் ஏறவில்லை என்பதுதான் உறுத்துகிறது. அப்புறம், வாட்ஸ்அப்புக்குச் சில நாள் சாயங்காலம் வரை பதில் போடாமல் இருந்திருக்கிறோம். அதனால் ஆர்டர் போயிருக்கலாம். விசாரணை எண்ணிக்கை அதனால் குறையாது, கேட்ட உடனே நோட்டில் எழுதிவிடுகிறோம்.

இன்னொன்று. கேட்கச் சங்கடமாக இருக்கிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. உங்கள் கூலி செலவில் 15 சதவீதம் என்று பேசினோம். ஜூனில் உங்களுக்கு 2,760, செப்டம்பரில் 5,505. நீங்கள் அதற்காகச் செலவை ஏற்றினீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் செலவு கூடினால் உங்கள் வருமானம் கூடும், என் விசாரணை கூடாவிட்டாலும் கூடும் என்கிற ஏற்பாடு சரியில்லை. பேசும்போது அது என் புத்திக்குப் படவில்லை. நவம்பரிலிருந்து மாதம் 4,000 ரூபாய் நிலையான கூலி என்று வைத்துக்கொள்ளலாமா? ஜூன் மாதத்தில் வாங்கியதைவிட அது அதிகம்தான்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நாள் பட்ஜெட்டை 650-க்கு இறக்கிவிடுங்கள். சொற்களைப் பழையபடி ஃபிரேஸ் மேட்ச்சுக்குக் கொண்டுவாருங்கள். அரண்மனை, ஹோட்டல், ஷூட்டிங், வேலை, பயிற்சி, மெஷின், விட்ரிஃபைடு எல்லாவற்றையும் விலக்குப் பட்டியலில் போடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் போட வேண்டும். ஊர் அமைப்பை அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். தொடர்புப் பக்கத்தைத் திறப்பதை எண்ணுவதை நிறுத்துங்கள். கணக்கின் நிர்வாகி அனுமதியை என் மின்னஞ்சலுக்கும் கொடுங்கள், காசு கட்டுகிறவள் நான்.

பதிலில் எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது ஒன்று. ஜூனில் ஆத்தங்குடி கல் என்று தேடியவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு நம் விளம்பரம் தெரிந்தது? அந்தக் கணக்கும் உள்ளே இருக்கும் என்றாள் மகள். தொண்ணூறுக்குப் பக்கத்தில் இருந்தால், தேடலில் இதற்கு மேல் காசு போட்டுப் பயனில்லை. மிச்சப் பணத்தை பெங்களூருக் கட்டடக் கலைஞர்களுக்கு மாதிரிக் கல் அனுப்பச் செலவழிப்பேன். ஐம்பது என்று இருந்தால், பட்ஜெட்டை ஏற்ற நானே சொல்வேன், ஆனால் அந்தச் சொற்களுக்கு மட்டும்.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உங்கள் அறிக்கையில் விசாரணை என்ற வரியில் அந்த எண்தான் வர வேண்டும்.

15-ஆம் தேதிக்குள் எழுதுங்கள். அதற்கு முன் பேச வேண்டுமென்றால் காலை பதினோரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதுவரை கல் போடும் நேரம், சாயம் ஊற்றிய கையோடு போனை எடுக்க முடியாது. எடுக்கும் பையனும் உங்களை அரண்மனைக்கு வழி கேட்கிறவர் என்று நினைத்து வைத்துவிடுவான்.

அன்புடன்,
சொர்ணம் அக்கா