கூற்றும் முடிவும்: ஞாயிறு வகுப்புப் பயிற்சித் தாள்

மன்னார்குடி, ரயில்வே தேர்வுக் குழு

நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படியுங்கள். பேனா வேண்டாம், வட்டத்தை அழித்து அழித்துப் போட வேண்டியிருக்கும்.

இந்தப் பகுதியில் நம் வேலை முடிவை நிரூபிப்பது அல்ல, உடைப்பது. கூற்றுகளுக்குப் பொருந்துகிற மாதிரி எத்தனை விதமாகப் படம் போட முடியுமோ, அத்தனையிலும் முடிவு நின்றால்தான் அது சரி. ஒரே ஒரு படத்தில் விழுந்தாலும் தவறு. அதனால் முதல் படத்தைப் போட்டதும் விடையைக் குறிக்காதீர்கள். முடிவைப் பொய்யாக்கும் இன்னொரு படம் கிடைக்குமா என்று தேடுங்கள்.

இன்னொன்று. கூற்று என்ன சொன்னாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஊரில் நீங்கள் பார்த்தது, அப்பா சொன்னது, செய்தித்தாளில் வந்தது எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

கேள்வி 1

கூற்றுகள்: எல்லாக் குறுவை வயல்களும் ஆற்றுப்பாசன வயல்கள். சில ஆற்றுப்பாசன வயல்கள் உவர் வயல்கள்.
முடிவுகள்: (1) சில குறுவை வயல்கள் உவர் வயல்கள். (2) சில உவர் வயல்கள் ஆற்றுப்பாசன வயல்கள்.
(அ) 1 மட்டும் சரி (ஆ) 2 மட்டும் சரி (இ) இரண்டும் சரி (ஈ) இரண்டும் தவறு

ஆற்றுப்பாசனத்துக்குப் பெரிய வட்டம். அதன் இடது ஓரத்தில், முழுக்க உள்ளே, குறுவைக்குச் சின்ன வட்டம். இனி உவர் வட்டம். அது பெரிய வட்டத்தை வெட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வலது ஓரத்தில் வெட்டுகிற மாதிரி போடுங்கள். குறுவையை அது தொடவே இல்லை, இரண்டு கூற்றும் கெடவில்லை. முடிவு 1 விழுந்துவிட்டது. உவர் வட்டத்தை இடப்பக்கம் நகர்த்தினால் குறுவையையும் வெட்டும், அப்போது முடிவு 1 நிற்கும். ஆனால் ஒரு படத்தில் நின்றது போதாது.

முடிவு 2-ஐ உடைக்கப் பாருங்கள். உவரும் ஆற்றுப்பாசனமும் வெட்டிக்கொள்ளாமல் படமே போட முடியாது. ‘சில அ, ஆ’ என்றால் ‘சில ஆ, அ’ என்பதும் தானாக வந்துவிடும். விடை (ஆ).

வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே கண்டிப்பாகக் கை தூக்குவார்கள்: “சார், எங்க ஊர்ல உவர் மண்ணுலயும் நெல் போடுறோமே?” போடுங்கள், நல்லா விளையட்டும். தாளில் அது இல்லை.

கேள்வி 2

கூற்றுகள்: எல்லா வாய்க்கால்களும் கோயில்கள். எந்தக் கோயிலும் படகு அல்ல.
முடிவுகள்: (1) எந்த வாய்க்காலும் படகு அல்ல. (2) சில கோயில்கள் வாய்க்கால்கள்.

சிரித்து முடித்துவிட்டு வரையுங்கள். கோயில் வட்டத்துக்குள் வாய்க்கால் வட்டம், படகு வட்டம் தள்ளி வெளியே. படகை எங்கே நகர்த்தினாலும் கோயிலைத் தொடக் கூடாது, அப்புறம் அதற்குள் இருக்கும் வாய்க்காலை எப்படித் தொடும்? முடிவு 1 சரி. வாய்க்கால்கள் இருக்கும் இடமே கோயிலுக்குள்தான், ஆகவே முடிவு 2-ம் சரி.

கணக்கில் தேர்ந்தவர்கள், ‘வாய்க்கால் என்று ஒன்றுமே இல்லையென்றால்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜான் வென் 1880-ல் முன்வைத்த வட்ட முறையில் ‘எல்லா’ என்ற கூற்று மட்டுமே, அந்த வட்டத்தில் ஆள் இருக்கிறது என்று உறுதி சொல்லாது. நம் தேர்வுகளில் வழக்கம் வேறு: சொல்லப்பட்ட ஒவ்வொரு வட்டத்திலும் குறைந்தது ஒன்றாவது உண்டு என்றே எடுத்துக்கொள்கிறோம். விடை: இரண்டும் சரி.

கேள்வி 3

கூற்றுகள்: எல்லா வெற்றிலைகளும் கொடிகள். சில கொடிகள் பூக்கள்.
முடிவுகள்: (1) சில வெற்றிலைகள் பூக்கள். (2) எந்த வெற்றிலையும் பூ அல்ல.
(அ) 1 மட்டும் சரி (ஆ) 2 மட்டும் சரி (இ) 1 அல்லது 2 சரி (ஈ) இரண்டும் தவறு

படம் கேள்வி 1-ல் போட்டதேதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. பூ வட்டம் வெற்றிலையைத் தொடாமல் போனால் முடிவு 1 விழும். வெற்றிலைக்குள் புகுந்தால் முடிவு 2 விழும். தனித்தனியாக இரண்டுமே தேறவில்லை என்று சொல்லி (ஈ)-ஐக் குறித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் படத்தை இன்னொரு முறை பாருங்கள். பூ வட்டம் வெற்றிலையைத் தொடும், இல்லையென்றால் தொடாது. மூன்றாவது வழி கிடையாது. எந்தப் படம் போட்டாலும் இரண்டில் ஒன்று நின்றே தீரும். விடை (இ).

‘அல்லது’ விடைக்கு மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும். இரண்டு முடிவுகளிலும் அதே இரண்டு பொருள்கள் வர வேண்டும். தனியாக இரண்டும் தேறாதிருக்க வேண்டும். ஒன்றை ஒன்று முழுக்க மறுக்க வேண்டும்: ‘சில’வுக்கு ‘எந்த... அல்ல’ ஜோடி, ‘எல்லா’வுக்கு ‘சில... அல்ல’ ஜோடி. ‘எல்லா வெற்றிலைகளும் பூக்கள்’, ‘எந்த வெற்றிலையும் பூ அல்ல’ என்று கொடுத்தால் அது ஜோடி ஆகாது. பாதி வெற்றிலை மட்டும் பூ வட்டத்துக்குள் இருக்கிற படத்தைப் போடுங்கள், இரண்டுமே விழுந்துவிடும். கேள்வி எழுதுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த பள்ளம் இது.

கேள்வி 4

கூற்றுகள்: சில குத்துவிளக்குகள் பித்தளைகள். எந்தப் பித்தளையும் பொம்மை அல்ல.
முடிவுகள்: (1) சில குத்துவிளக்குகள் பொம்மைகள் அல்ல. (2) எல்லாக் குத்துவிளக்குகளும் பொம்மைகளாக இருக்க வாய்ப்பு உண்டு. (3) எல்லாப் பொம்மைகளும் குத்துவிளக்குகளாக இருக்க வாய்ப்பு உண்டு.

நாச்சியார்கோவில் விளக்கையும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். விளக்கும் பித்தளையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு வட்டங்கள். பொதுப் பகுதியைப் பென்சிலால் கருக்கிக்கொள்ளுங்கள். பொம்மை வட்டம் பித்தளையைத் தொடக் கூடாது, எனவே அந்தக் கருத்த பகுதிக்குள்ளும் வர முடியாது. அங்கே இருக்கிற விளக்குகள் எந்நாளும் பொம்மை ஆகாது. முடிவு 1 சரி. அதே காரணத்தால் முடிவு 2 தவறு, ஏனென்றால் எல்லா விளக்கையும் பொம்மைக்குள் அடைக்க அந்தக் கருத்த பகுதி விடாது.

‘வாய்ப்பு’ என்று வந்தால் நம் வேலை தலைகீழ். உடைக்கிற படம் தேட வேண்டியதில்லை, நிற்கிற படம் ஒன்று கிடைத்தால் போதும். விளக்கு வட்டத்துக்குள், பித்தளை படாத பக்கம், பொம்மையைச் சின்ன வட்டமாகப் போடுங்கள். கூற்று எதுவும் கெடவில்லை. முடிவு 3 சரி. விடை: 1, 3 மட்டும் சரி.

வீட்டில் போட்டுப் பார்க்க

கேள்வி 5. கூற்று: சில மதகுகள் இரும்பாலானவை. முடிவு: சில மதகுகள் இரும்பாலானவை அல்ல.

கேள்வி 6. கூற்றுகள்: சில மீனவர்கள் விவசாயிகள். எல்லா விவசாயிகளும் சங்க உறுப்பினர்கள். எந்தச் சங்க உறுப்பினரும் வியாபாரி அல்ல. முடிவுகள்: (1) சில மீனவர்கள் வியாபாரிகள் அல்ல. (2) சில வியாபாரிகள் மீனவர்கள். (3) எந்த விவசாயியும் வியாபாரி அல்ல.

விடைகள் (படம் போட்ட பிறகு பாருங்கள்)

5: தவறு. பேச்சில் ‘சில’ என்றால் ‘மீதி அப்படி இல்லை’ என்று காதில் விழும். தேர்வில் ‘குறைந்தது ஒன்று’ என்று மட்டுமே பொருள். மதகு வட்டம் முழுவதும் இரும்புக்குள் இருக்கிற படத்திலும் கூற்று நிற்கிறது, முடிவு விழுகிறது.

6: 1, 3 மட்டும் சரி. விவசாயிகளாகவும் இருக்கிற மீனவர்கள் சங்கத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள், வியாபாரி வட்டம் அங்கே வராது. மற்ற மீனவர்களை வியாபாரி வட்டம் தொடலாம், தொடாமலும் போகலாம். அதனால் முடிவு 2 நிற்காது. அதையே ‘வாய்ப்பு உண்டு’ என்று கேட்டிருந்தால் சரி என்று குறித்திருக்க வேண்டும்.