மூன்று வாரப் பேச்சு

"உனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையோடு பேசத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகிவிட்டனவே, உன் மனத்துக்கு என்ன தோன்றுகிறது?"

"முதல் வாரம் வேலை, படிப்பு என்று நேர்காணல் போலவே கழிந்தது, அம்மா. கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிடுவதாகப் போன வாரம் அவரே சொன்னார். அந்த நேர்மை பிடித்திருந்தாலும், அந்தப் பழக்கம் எனக்குச் சற்று உறுத்துகிறது."

"அதை அவரிடம் சொன்னாயா?"

"இன்னும் இல்லை. திருமணத்துக்குப் பிறகு நான் வேலையைத் தொடர்வதைப் பற்றிக் கேட்டதற்கு, 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்றார்."

"நீ கேட்டது அவருடைய கருத்தைத்தானே? இரண்டையும் நேரில் சந்திக்கும்போது கேள்; குறுஞ்செய்தியில் முகம் தெரியாது."

"அதற்குள் அவர்கள் வீட்டில் முடிவைக் கேட்டால்?"

"இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பாவிடம் இப்படி எதையும் கேட்க எனக்கு அப்போது வாய்ப்புக் கிடைக்கவில்லை."